பில்லில் பெயர் மாறினால் போதுமா?

ஹோட்டலைக் காலி செய்யும் காலை நேரத்தில் பில்லை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. வாசலில் கார் நிற்கிறது, விமானத்துக்கு நேரமாகிறது. ரிசப்ஷனில் நீட்டும் தாளில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, கார்டைத் தேய்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஊர் திரும்பிப் பல நாள் ஆன பிறகு கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வரும். “சார், பில் உங்க பேர்ல இருக்கு. கம்பெனி பேரும் ஜிஎஸ்டி நம்பரும் போட்டு மாத்தி வாங்கிக் குடுத்துடுங்க.” ஹோட்டலுக்குப் போன் செய்தால் அங்கே வேறு பதில். “பில் க்ளோஸ் ஆயிடுச்சு சார், இனிமே மாத்த முடியாது.”

கணக்குப் பிரிவு வீம்புக்குக் கேட்கவில்லை. ஹோட்டலும் வீம்புக்கு மறுக்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் இது ஒரு பெயர் மாற்றம், கணினியில் நாலு எழுத்து அடித்தால் முடிகிற வேலை என்று தோன்றுகிறது. உண்மையில் அவர் கேட்பது தாளில் ஒரு திருத்தத்தை அல்ல. ஹோட்டல் அரசுக்குக் கொடுக்கும் மாதக் கணக்கில் ஒரு தொகையை ஒரு பட்டியலிலிருந்து எடுத்து இன்னொரு பட்டியலில் வைக்கும்படி கேட்கிறார்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனி. அதன் சர்வீஸ் இன்ஜினியர் சென்னையில் மூன்று இரவு தங்குகிறார். அறை வாடகை ஓர் இரவுக்கு 8,000 ரூபாய், ஆக 24,000. அக்டோபர் 14 அன்று அறையைக் காலி செய்கிறார். ஓர் இரவு வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் அறைக்கான வரி 4,320. அந்த ஹோட்டலின் உணவகத்திலேயே 3,200 ரூபாய்க்குச் சாப்பிட்டிருக்கிறார். அத்தகைய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்துக்கும் 18 சதவீதம்தான், எனவே சாப்பாட்டுக்கு வரி 576. மொத்த பில் 32,096 ரூபாய். இன்ஜினியர் பெயரில், அவருடைய வீட்டு முகவரியோடு அச்சாகியிருக்கிறது.

இதில் கம்பெனிக்குத் திரும்பக் கிடைக்கக்கூடியது அந்த 4,320 மட்டுமே. தொழிலுக்காக வாங்கிய சேவைக்குக் கட்டிய வரியை, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதுதான் உள்ளீட்டு வரி வரவு. ஆடிட்டர் அலுவலகங்களில் ‘இன்புட்’ என்று சொன்னால் போதும். தொழில் நிமித்தம் தங்கிய அறைக்கு இன்புட் உண்டு. சாப்பாட்டுக்குக் கிடையாது, உணவு, பானங்கள் மீதான வரவை ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுத்துவிட்டது. அதனால் 576 ரூபாய்க்காக யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. மாற்றிக் கேட்கும்போது அறைக்கு ஒரு பில், சாப்பாட்டுக்கும் சலவைக்கும் இன்னொரு பில் என்று பிரித்து வாங்கிவிட்டால் கணக்குப் பிரிவுக்கு ஒரு வேலை மிச்சம்.

போனை எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பெரும்பாலான அலைச்சல் இதைப் பார்க்காததால்தான் வருகிறது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. தமிழ்நாடு 33, கர்நாடகம் 29, கேரளம் 32, புதுச்சேரி 34, மகாராஷ்டிரம் 27. ஹோட்டல் இருக்கும் மாநிலமும் கம்பெனி கொடுக்கும் எண்ணின் மாநிலமும் ஒன்றாக இருந்தால்தான் இன்புட் கிடைக்கும்.

அதற்குக் காரணம், தங்கும் சேவை எங்கே வழங்கப்பட்டது என்பதைச் சட்டம் தீர்மானிக்கும் விதம். ஒரு பொருளைக் கோவைக்காரருக்கு பெங்களூரிலிருந்து அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை; அதற்கு ஐஜிஎஸ்டி. ஹோட்டல் அறையை அப்படி அனுப்ப முடியாது. கட்டடம் நிற்கும் இடமே சேவையின் இடம் என்று ஐஜிஎஸ்டி சட்டத்தின் 12(3) பிரிவு சொல்கிறது. ஆகவே நமது இன்ஜினியர் சென்னைக்குப் பதில் பெங்களூரில் தங்கியிருந்தால் ஹோட்டல் போடுவது மத்திய ஜிஎஸ்டியும் கர்நாடக மாநில ஜிஎஸ்டியும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்த கம்பெனியால் அதைத் தொட முடியாது. ‘மத்திய ஜிஎஸ்டி மத்திய அரசுக்குத்தானே போகிறது, அந்தப் பாதியையாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா’ என்று பலர் கேட்பார்கள். கூடாது. கம்பெனியின் கணக்கில் அந்த பில் வந்து விழும், ஆனால் ‘வரவு கிடையாது’ என்ற பகுதியில் விழும். விற்றவர் மாநிலமும் சேவையின் இடமும் ஒன்றாக இருக்க, வாங்கியவர் மாநிலம் வேறு என்று காரணத்தையும் இணையதளமே காட்டிவிடும்.

கம்பெனிக்கு பெங்களூரில் ஒரு டிப்போ இருந்து, 29-இல் தொடங்கும் எண்ணும் இருந்தால் கதை வேறு. அந்த வேலை அந்த டிப்போவுக்கானதாக இருந்தால் பில்லை அதன் பெயரில் வாங்கலாம். அப்படி எதுவும் இல்லாதபோது 33-இல் தொடங்கும் எண்ணைப் போட்டே தீர வேண்டும் என்று பெங்களூர் ஹோட்டலோடு ஒரு வாரம் மல்லுக்கட்டுவது வீண் வேலை. செலவு கம்பெனியுடையது என்று காட்டக் கம்பெனி பெயர் இருந்தால் நல்லது, அவ்வளவுதான். பல கம்பெனிகளின் பயண விதிகளில் ‘எல்லா ஹோட்டல் பில்லிலும் ஜிஎஸ்டி எண் கட்டாயம்’ என்று ஒரே வரியில் எழுதிவைத்திருப்பார்கள். அதை எழுதியவர் ஹோட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று யோசித்திருக்க மாட்டார்.

சின்ன லாட்ஜ்களில் வேறொரு சங்கதி. பில்லின் தலைப்பில் ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’ என்றில்லாமல் ‘பில் ஆஃப் சப்ளை’ என்று இருந்தால், அவர் காம்பொசிஷன் முறையில் வரி கட்டுபவராக இருக்கக்கூடும். பில்லில் வரியே தனியாக இருக்காது. வாங்காத வரியைத் திரும்பக் கேட்க முடியாது. 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதோடு ‘இன்புட் இல்லாமல்’ என்ற நிபந்தனையும் வந்தது. இதைப் படித்துவிட்டு, அந்த அறைகளில் தங்கினால் கம்பெனிக்கும் இன்புட் கிடையாது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் தடை ஹோட்டலுக்கு. தான் வாங்கும் சரக்குக்கும் சேவைக்கும் கட்டிய வரியை ஹோட்டல் கழித்துக்கொள்ளக் கூடாது என்று பொருள். தங்கியவரின் கம்பெனிக்கு அந்த 5 சதவீதம் வழக்கம்போல வரவுதான்.

சென்னைக்குத் திரும்புவோம். இன்ஜினியரின் கம்பெனி எண் 33, ஹோட்டலும் 33. கேட்பதில் நியாயம் இருக்கிறது. இனி ஹோட்டலின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் விற்பனைக் கணக்கை ஜிஎஸ்டிஆர்-1 என்ற படிவத்தில் ஹோட்டல் தாக்கல் செய்கிறது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கெடு. ஜிஎஸ்டி எண் இல்லாத விருந்தினர்களின் பில்கள் அதில் தனித்தனியாகப் போவதில்லை. இத்தனை சதவீத வரியில் மொத்தம் இவ்வளவு விற்றோம் என்று ஒரே தொகையாகக் குவித்துக் காட்டுவார்கள். நமது இன்ஜினியரின் 24,000 ரூபாயும் அந்தக் குவியலில் பெயரில்லாமல் கலந்துவிடுகிறது. ஜிஎஸ்டி எண் உள்ள பில் மட்டும் எண், தேதி, தொகை, வரி என்று தனி வரியாகப் போகும். அந்த வரிதான் வாங்கியவருடைய ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலில், அடுத்த மாதம் 14-ஆம் தேதி வாக்கில், தானாக வந்து நிற்கும். அதில் வந்து நிற்காத பில்லுக்கு இன்புட் எடுக்கச் சட்டம் இப்போது அனுமதிப்பதில்லை.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ரிசப்ஷனில் உள்ள தம்பி நல்ல மனதோடு பழைய பில்லையே கம்பெனி பெயரில் அச்சடித்து பிடிஎஃப் அனுப்பிவிடலாம். பார்க்க அழகாக இருக்கும். எண்ணும் முகவரியும் சரியாக இருக்கும். ஆனால் மாதக் கணக்கில் அந்தத் தொகை இன்னும் குவியலிலேயே கிடந்தால் அந்தத் தாளால் ஒரு ரூபாய்கூட வராது. மாற்றிக் கொடுத்தார்கள் என்று நிம்மதியடைந்து, ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பிரிவிலிருந்து மறுபடி போன் வருவது பெரும்பாலும் இந்த வகையில்தான்.

அடுத்து, காலம். செக்-அவுட் செய்த அன்றே கேட்டால் வேலை மிகச் சுலபம். ஹோட்டல்களில் ஒவ்வொரு இரவும் அன்றைய கணக்கை மூடுவார்கள். நைட் ஆடிட் என்று பெயர். அது முடியும்வரை அன்றைய பில்லைத் திரும்பத் திறந்து பெயர் மாற்றப் பல மென்பொருள்கள் ரிசப்ஷனுக்கே இடம் கொடுக்கும். நைட் ஆடிட் முடிந்ததும் அது ரிசப்ஷன் கையைவிட்டுக் கணக்குப் பிரிவுக்குப் போய்விடும். ‘பில் க்ளோஸ் ஆயிடுச்சு’ என்ற பதிலின் பொருள் பல நேரம் ‘என்னால் முடியாது’ என்பதுதான். ‘ஹோட்டலால் முடியாது’ என்பதல்ல. எனவே மறுநாள் முதல் ரிசப்ஷனோடு வாதாடுவதில் பயனில்லை. ஹோட்டலின் அக்கவுண்ட்ஸ் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கி அங்கே எழுத வேண்டும்.

இன்ஜினியர் அக்டோபர் 24 அன்று எழுதுகிறார் என்று வைப்போம். ஹோட்டல் அக்டோபர் மாதக் கணக்கை நவம்பர் 11 வரை தாக்கல் செய்யலாம் என்பதால் குவியல் இன்னும் அரசுக்குப் போகவில்லை. பழைய பில்லை ரத்து செய்து, கம்பெனி பெயரில் புதிய எண்ணோடு பில் போட்டு, தாக்கல் செய்யும்போது தனி வரியாகக் காட்டிவிடலாம். ஹோட்டல் கட்ட வேண்டிய வரியில் ஒரு பைசாவும் கூடாது, குறையாது. இதை மின்னஞ்சலில் ஒரு வரி எழுதினால் எதிர்முனையில் இருப்பவரின் தயக்கம் பாதி போய்விடும்.

ஆனால் ஹோட்டல் பெரியதாக இருந்தால் ஒரு படி கூடுதல். ஆண்டு வர்த்தகம் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், ஜிஎஸ்டி எண் உள்ளவருக்குப் போடும் பில்லை 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸாகப் பதிய வேண்டும். அரசின் தளத்தில் பதிந்தால் 64 எழுத்து நீளத்தில் ஐஆர்என் என்ற அடையாளமும் க்யூஆர் குறியீடும் கிடைக்கும். தனிநபர் பெயரில் போட்ட பழைய பில்லுக்கு இது தேவைப்பட்டிருக்காது. கம்பெனி பெயரில் போடும் புதியதற்குத் தேவை. இதில்தான் இன்னொரு கெடு ஒளிந்திருக்கிறது. 10 கோடியும் அதற்கு மேலும் வர்த்தகம் உள்ளவர்கள், பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதியாவிட்டால் தளம் ஏற்காது. இது 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அக்டோபர் 14 தேதியிட்ட பில்லை நவம்பர் 25 அன்று பதிய முயன்றால் கணினி திருப்பி அனுப்பிவிடும். டிசம்பரில் போய்க் கேட்கும்போது பெரிய ஹோட்டல்கள் கையை விரிப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

தவறான எண்ணைக் கொடுத்துவிட்டால் கெடு இன்னும் குறுகியது. கோவை எண்ணுக்குப் பதில் அதே கம்பெனியின் பெங்களூர் எண்ணை அவசரத்தில் சொல்லிவிட்டார் என்றால், ஐஆர்என் உருவாகி, பில் பெங்களூர் கிளையின் பட்டியலுக்குப் போய்விடும். ஐஆர்என்-ஐ 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரத்து செய்த பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. 24 மணி தாண்டினால் கிரெடிட் நோட் போட்டுத்தான் புதிய பில்லுக்கு வர வேண்டும். அதற்கு ஹோட்டலில் மேலாளர் ஒப்புதல், காரணக் குறிப்பு என்று நடை கூடிவிடும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். மின்னஞ்சலில் எல்லோரும் ‘ரிவைஸ்டு இன்வாய்ஸ் அனுப்புங்கள்’ என்றே எழுதுகிறார்கள். ஜிஎஸ்டி சட்டத்தில் அந்தப் பெயரில் இருக்கும் ஆவணம் வேறு; புதிதாகப் பதிவு செய்த வணிகர், பதிவுச் சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன் போட்ட பில்களுக்காக உள்ளது. கெடுபிடியான கணக்காளர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு ‘சட்டத்தில் இடமில்லை’ என்று பதில் எழுதிவிடலாம். ‘பழைய பில்லை ரத்து செய்து, கீழ்க்கண்ட விவரங்களோடு புதிய டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டு, இந்த மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் எங்கள் எண்ணில் காட்டுங்கள்’ என்று கேட்பதே சரியான கோரிக்கை.

கீழ்க்கண்ட விவரங்கள் என்றால் என்னென்ன? பழைய பில்லின் எண், தேதி, அறை எண், தங்கிய நாட்கள், தங்கியவர் பெயர். பிறகு கம்பெனியின் சட்டப்பூர்வப் பெயர், பதிவில் உள்ள முகவரி, ஜிஎஸ்டி எண். கடைப் பெயர் ஒன்றாகவும் பதிவுப் பெயர் வேறாகவும் இருக்கும் கம்பெனிகள் ஏராளம். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டுத் தேடினால் இரண்டும் தெரியும்; பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகியிருக்கிறதா என்பதும் தெரியும். அந்தப் பக்கத்தையோ பதிவுச் சான்றிதழையோ இணைத்து அனுப்புவது நல்லது. தங்கியவர் தங்கள் ஊழியர், வந்தது அலுவலக வேலையாக என்று கம்பெனியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து ஒரு வரி வந்தால் ஹோட்டலுக்கும் தைரியம் வரும். யாரோ தங்கிய அறைக்கு யாரோ இன்புட் எடுக்கக் கேட்கிறார்களோ என்ற சந்தேகம் அவர்களுக்கு இருக்கத்தான் செய்யும்.

ஜிஎஸ்டி எண்ணை ஒருபோதும் போனில் சொல்லாதீர்கள். 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் ஓ என்ற ஆங்கில எழுத்தும் பூஜ்யமும், ஐ என்ற எழுத்தும் ஒன்றும் குழம்பிப்போகும். எழுதி வந்ததைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. மாதிரிக்கு `33ABCDE1234F1Z5` என்ற அமைப்பைப் பாருங்கள். முதல் இரண்டு இடம் மாநிலம். அடுத்த பத்தும் கம்பெனியின் பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. ஆகவே மூன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடம்வரை வட்டமாக எது தெரிந்தாலும் அது எழுத்து. எட்டு முதல் பதினொன்றுவரை தெரிந்தால் அது பூஜ்யம். 13-ஆம் இடம், அதே பான் எண்ணுக்கு அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பதைக் காட்டும். கடைசி இடம், முந்தைய 14-ஐயும் வைத்துக் கணக்கிட்டு வருவது.

புதிய பில் வந்ததும் பார்க்க வேண்டியவை: பில் எண் மாறியிருக்கிறதா, கம்பெனி பெயரும் எண்ணும் சரியா, பெரிய ஹோட்டல் என்றால் ஐஆர்என் இருக்கிறதா. அதே பழைய எண்ணில், ஐஆர்என் இல்லாமல், பெயர் மட்டும் மாறி வந்திருந்தால் அது வெறும் மறு அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். உடனே திருப்பிக் கேளுங்கள். எல்லாம் சரியாக நடந்திருந்தால் நவம்பர் 14 வாக்கில் கோவை கம்பெனியின் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் 24,000 ரூபாய்க்கு எதிரே 2,160 மத்திய வரியும் 2,160 மாநில வரியும் தெரியும். நவம்பர் 20-க்குள் தாக்கல் செய்யும் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

நவம்பர் 11 தாண்டிய பிறகும் கதவு முழுக்க மூடிவிடுவதில்லை. தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1-ஐ, அந்த மாதத்து வரியைக் கட்டும் படிவம் போவதற்குள் திருத்த ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற வசதி 2024-இல் வந்தது. அதுவும் போய்விட்டால் அடுத்த மாதக் கணக்கில் குவியலைக் குறைத்து, தனி வரியைச் சேர்க்க வேண்டும். சட்டப்படி வரவு எடுக்க, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 அல்லது ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் நாள், இரண்டில் எது முந்தியோ அதுவரை அவகாசம் இருக்கிறது. ஆனால் ஒரு விருந்தினரின் 4,320 ரூபாய்க்காகத் தாக்கல் செய்து முடித்த மாதத்தைத் திறக்க ஹோட்டலுக்கு என்ன ஆர்வம் இருக்கும்? அடிக்கடி ஆள் அனுப்பும் கம்பெனி கேட்டால் செய்வார்கள். ஒருமுறை வந்து போனவருக்குச் செய்வது அபூர்வம்.

பயணச் செயலி வழியாக முன்பணம் கட்டி வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். ரிசப்ஷனில் கேட்டால் ‘செயலியில் கேளுங்கள்’ என்பார்கள்; செயலியில் கேட்டால் ‘ஹோட்டலில் கேளுங்கள்’ என்பார்கள். செயலி தரும் ரசீது பல நேரம் முன்பதிவுச் சான்று மட்டும்தான். அல்லது அவர்கள் எடுத்த சேவைக் கட்டணத்துக்கான பில். அறை வாடகைக்கு வரி வசூலித்தவர் யார், பில்லின் மேலே யாருடைய ஜிஎஸ்டி எண் இருக்கிறது என்று பாருங்கள். அவரால்தான் மாற்ற முடியும். முன்பதிவு செய்யும் பக்கத்திலேயே ஜிஎஸ்டி விவரம் கேட்கும் கட்டம் இருந்தால் அப்போதே நிரப்பிவிட வேண்டும். செக்-இன் செய்யும்போது கையெழுத்து வாங்கும் பதிவு அட்டையிலும் கம்பெனி பெயரையும் எண்ணையும் எழுதிவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால் ‘நான் முதல் நாளே கொடுத்தேன்’ என்பதற்கு அதுவே சாட்சி.

ஹோட்டல் கடைசிவரை மறுத்தால் என்ன நஷ்டம்? 4,320 ரூபாயை இன்புட்டாக எடுக்க முடியாது. ஆனால் எடுக்காத வரியை அறைச் செலவோடு சேர்த்துக் கம்பெனியின் செலவாக எழுதிக்கொள்ளலாம். சுமார் 25 சதவீதம் வருமான வரி கட்டும் கம்பெனிக்கு அதில் ஏறக்குறைய 1,080 ரூபாய் மிச்சமாகும். உண்மையான இழப்பு 3,240 ரூபாய் போல. 2,000 ரூபாய் லாட்ஜ் அறையில் ஓர் இரவு தங்கிய பில் என்றால் மொத்த வரியே 100 ரூபாய். அதற்காக மூன்று மின்னஞ்சல் எழுதவைக்கும் கணக்குப் பிரிவு தன் நேரத்துக்கு விலை போட்டுப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

எனக்கு உடன்பாடில்லாத வழக்கம் ஒன்று உண்டு. பில் மாறி வரும்வரை இன்ஜினியரின் முழு 32,096 ரூபாயையும் நிறுத்திவைப்பது. அவர் தன் சொந்தக் கார்டில் கட்டிய பணம் அது. கார்டுக்கு வட்டி ஓடத் தொடங்கியிருக்கும். சிக்கலில் இருப்பது 4,320 மட்டும்தான். மீதி 27,776 ரூபாயை அன்றே கொடுத்துவிடுவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. அந்த 4,320-ஐயும் அவர் தலையில் கட்டுவதற்கு முன், கம்பெனியின் ஜிஎஸ்டி சான்றிதழை அவர் பயணம் கிளம்பும்போது யாராவது கையில் கொடுத்தார்களா என்று கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளட்டும்.